பதினொரு அரை டிக்கெட்டும் ஒரு தள்ளுபடியும்

ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் 18 பேர், அரை டிக்கெட் வயதுப் பிள்ளைகள் 11 பேர், இடுப்பில் தூக்கிவரும் குழந்தைகள் இரண்டு. முழு டிக்கெட் 240 ரூபாய், குழுவாக வந்தால் 15 சதவீதம் தள்ளுபடி. மொத்தம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

முதலில், யார் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று பிரிக்க வேண்டும். எத்தனை வயதுவரை இலவசம், எத்தனை வயதுவரை அரை டிக்கெட் என்பது இடத்துக்கு இடம் மாறும். ரயிலில் 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால்தான் பாதிக் கட்டணம். படுக்கை கேட்டால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம்தான். பழைய நினைப்பில் பாதிக் காசை ஒதுக்கி வைப்பவர்களுக்கு அங்கேயே துண்டு விழுந்துவிடும். நம் பூங்காவில் அந்தச் சிக்கல் இல்லை. கைக்குழந்தைகள் இருவரும் இலவசம் என்பதால் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இனி, இரண்டு அரை டிக்கெட்டை ஒரு முழு டிக்கெட்டாக எண்ணிவிட்டால் வேலை எளிது. பதினொரு பிள்ளைகள் ஐந்தரை டிக்கெட். பெரியவர்களோடு சேர்த்து இருபத்து மூன்றரை. அதை 240 ஆல் பெருக்கினால் 5,640 ரூபாய். அதில் 15 சதவீதம் 846. அதைக் கழித்தால் கட்ட வேண்டியது 4,794 ரூபாய். வீடு வீடாக வசூலிக்கும்போது பெரியவருக்கு 204, பிள்ளைக்கு 102 என்று வாங்கினால் பைசா பிசகாமல் இதே தொகை வரும்.

பிசகு வருவது பிள்ளைகளின் டிக்கெட்டில்தான். 'பிள்ளைக்கு 50 சதவீதம் குறைவு, குழுவுக்கு 15 சதவீதம் குறைவு, ஆக 65 சதவீதம் குறைவு' என்று சிலர் கூட்டிவிடுவார்கள். அப்படிப் போட்டால் பிள்ளைக்கு 84 ரூபாய், மொத்தம் 4,596. இது தவறு. குழுத் தள்ளுபடி பிள்ளை தர வேண்டிய 120 ரூபாயில்தான் பிடிக்கப்படும், 240 ரூபாயில் அல்ல. 120 இல் 15 சதவீதம் 18 ரூபாய்தான்.

இதற்கு நேர் எதிராக, 'அரை டிக்கெட்டே ஒரு சலுகை, அதற்கு மேல் தள்ளுபடி கிடையாது' என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே பெரியவர்களின் 4,320 ரூபாய்க்கு மட்டும் தள்ளுபடி. அது 3,672 ஆகும். பிள்ளைகளின் 1,320 அப்படியே நிற்கும். மொத்தம் 4,992. இது பிழையல்ல, அந்த இடத்து விதி. அட்டையில் 'சலுகைகளை இணைக்க இயலாது' என்ற வரி இருந்தால் இந்தக் கணக்குதான் என்று தெரிந்துகொள்ளலாம். நாம் போட்ட 4,794 இந்த இரண்டு தொகைகளுக்கும் சரிநடுவில், இரு பக்கமும் 198 ரூபாய் தள்ளி நிற்பதைக் கவனியுங்கள். பில்லில் வித்தியாசம் 198 என்றால் தகராறு பிள்ளைகளின் தள்ளுபடியில்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். முன்பதிவுக் கட்டணம், சேவைக் கட்டணம் தனியாக இருந்தால் அவற்றைத் தள்ளுபடிக்குப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவற்றுக்குத் தள்ளுபடி தரமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய தொகை கைமாறுவது வேறோர் இடத்தில். 'குறைந்தது 25 பேர்' என்று தள்ளுபடிக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தலைக்கணக்கில் பார்க்கிறார்களா, டிக்கெட் கணக்கில் பார்க்கிறார்களா என்று கவுண்டரில் முதலிலேயே கேட்க வேண்டும். தலைக்கணக்கு என்றால் நம்மவர்கள் 29 பேர், கவலையில்லை. முழு டிக்கெட் கணக்கு என்றால் இருபத்து மூன்றரைதான் தேறும். தள்ளுபடி போய்விடும், 5,640 ரூபாயை முழுதாகக் கட்ட வேண்டும்.

அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கு அரை டிக்கெட்டுக்குப் பதில் முழு டிக்கெட்டே வாங்கிவிடுங்கள். பெரியவர்களோடு சேர்த்து முழு டிக்கெட் 21, மீதி எட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு, ஆக 25. விலை 6,000 ரூபாய், தள்ளுபடி 900, கட்டுவது 5,100. கூடுதல் டிக்கெட் வாங்கியும் 540 ரூபாய் மிச்சம். ஆனால் எல்லாக் குழுவுக்கும் இது பலிக்காது. 25 டிக்கெட்டின் தள்ளுபடி விலை இருபத்தொன்றேகால் டிக்கெட்டின் முழு விலைக்குச் சமம். குழு அதைத் தாண்டியிருந்தால்தான் லாபம். இருபத்தொன்றரை டிக்கெட் உள்ள குழுவுக்குத் தள்ளுபடி இல்லாமல் 5,160 ஆகும், 25 ஆக்கினால் 60 ரூபாய் மிஞ்சும். 21 டிக்கெட் மட்டுமே உள்ள குழு 5,040 கட்டிவிட்டுப் போவதே நல்லது. 25 ஆக்கப் போனால் 60 ரூபாய் கைநஷ்டம்.