பார்த்தது எத்தனை? நினைத்தது எத்தனை?



காய்ச்சல், ரத்தக் கொதிப்பு, கண்ணில் தூசி விழுவது என்று எழுதி வந்த இந்தப் பகுதியில், இந்த முறை புருஷன் பெண்சாதிக்கு நடுவே வரும் சந்தேகத்தைப் பற்றி எழுதுகிறேன். 'இது டிரசருக்கு என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை, தலைவலி, நெஞ்சு படபடக்கிறது என்று கிளினிக்குக்கு வருகிறவர்களில் சிலருக்கு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால், கடைசியில் வெளியே வருவது இந்தச் சமாச்சாரம்தான்.

நம் தோட்ட வேலை ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரே டிராக்டரில் ஏறிப் போகிறோம், ஒரே நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறோம். பேச்சும் பழக்கமும் வரத்தான் செய்யும். நம்மவர் இன்னொருவரோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்து மனசில் ஒரு குத்தல் வந்தால் அது குற்றமில்லை. ஆனால் அந்தக் குத்தல் எங்கிருந்து வருகிறது? நம் உள்ளே இருக்கும் பயத்திலிருந்தா, வெளியே உண்மையாக நடக்கிற ஒன்றிலிருந்தா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பல வீடுகள் கெடுகின்றன.

நான் பார்த்த இருவரின் கதையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் செம்பனையில் பழம் வெட்டுபவர். வயது 42. மனைவிக்கு நர்சரியில் வேலை. "டிரசர், தூக்க மாத்திரை கொடுங்க. ராத்திரி கண்ணே மூடல"ன்னு வந்தார். எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நான்கு தடவை, மூத்திரம் போக. எழுந்து வரும்போது அலமாரியில் மனைவியின் கைப்பேசி கண்ணில் படுமாம். எடுத்துப் பார்ப்பாராம். அதற்கப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. நர்சரி டிராக்டர் ஓட்டுநரோடு மனைவி பழகுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டேன். "இந்தப் பக்கம் உங்க கண்ணால பார்த்தத மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் நீங்க நினைச்சதச் சொல்லுங்க" என்றேன். பார்த்தது மூன்று. ஓட்டுநரோடு அவள் சிரித்துப் பேசுகிறாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியில் செய்தி வருகிறது. ஒரு நாள் அவன் ஒரு பை பயற்றங்காய் கொடுத்தான். நினைத்தது ஏழு. என்னைப் பற்றி அவனிடம் சொல்லிச் சிரிக்கிறாள், என்னை இனி ஒரு ஆம்பளையாகவே மதிக்கவில்லை, என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நீண்டுகொண்டே போனது.

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பயற்றங்காய் அன்று நர்சரியில் எல்லாருக்கும் கொடுத்தது. செய்தி வருவது நர்சரிக் குழுவில், மறுநாள் வேலை பற்றி. இது அவருக்கே தெரியும். அவரே படித்துப் பார்த்தவர்தானே! மிஞ்சியது சிரித்துப் பேசியது ஒன்றுதான்.

இரண்டாவது கேள்வி கேட்டேன். "இந்த ஓட்டுநர் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி யார் மேல சந்தேகம்?" கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கடைக்காரர் மேல" என்றார். இதைக் கவனியுங்கள். ஆள் மாறியும் சந்தேகம் மாறவில்லை என்றால், சந்தேகம் அந்த ஆளிடமிருந்து வரவில்லை.

மூன்றாவது கேள்வி: "உங்க சம்சாரத்துக்கிட்டக் கேட்டீங்களா? பதில் சொன்ன பிறகு மனசு அடங்குச்சா?" கேட்டாராம். அவளும் கோபப்படாமல் கைப்பேசியையே கையில் கொடுத்தாளாம். சாயந்தரம்வரை நிம்மதி. ராத்திரி மறுபடியும் அதே எண்ணம். உள்ளிருக்கும் பயத்தின் குணம் இதுதான். பதில் அதற்குச் சாப்பாடு மாதிரி. சாப்பிட்டவுடன் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். எத்தனை தடவை கைப்பேசியைச் சோதித்தாலும் நிறையாது. சோதிக்கச் சோதிக்கப் பசி கூடும்.

அப்படியானால் அவருடைய பயம் எங்கிருந்து வந்தது? நான்கு தடவை மூத்திரம் போகிறார் என்றதும் விரலில் குத்தி இனிப்பு நீர் பார்த்தேன். 14.6 காட்டியது. சாப்பிட்ட நேரம் எதுவானாலும் 11-க்கு மேல் போய், தாகமும் அடிக்கடி மூத்திரமும் இருந்தால் நீரிழிவு என்று சந்தேகிக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்குக்குச் சீட்டு எழுதினேன், அங்கே ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். சீட்டு எழுதும்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு அவர் உண்மையைச் சொன்னார். ஒரு வருஷமாகப் படுக்கையில் முன்போல் முடிவதில்லை. வெட்கத்தில் மனைவியிடம் சொல்லாமல் தனியாகப் படுக்க ஆரம்பித்திருக்கிறார்.

தோழர்களே, நீரிழிவு நாளடைவில் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கும். ஆண்களுக்கு இந்தக் குறை வருவதற்கு அது முக்கியமான ஒரு காரணம். குடியும் புகையும் இதே வேலையைச் செய்யும். உடம்பில் வந்த இந்தக் குறையை, 'அவளுக்கு நான் போதாது, வேறு ஆளைத் தேடுவாள்' என்று மனசு திருப்பிப் படித்துக்கொள்கிறது. அவர் பயந்தது ஓட்டுநரைப் பார்த்து இல்லை, தன் உடம்பைப் பார்த்து.

மனைவியிடம் சொல்லச் சொன்னேன். பத்து நாள் கழித்துச் சொன்னார். அந்த அம்மா அழுதுவிட்டு, "நீங்க தள்ளிப் படுத்ததும் உங்களுக்குத்தான் வேற யாரோ இருக்காங்கன்னு நான் நினைச்சேன்" என்றாராம்! இனிப்பு நீர் நாலு மாதத்தில் ஓரளவு இறங்கியது. அந்தக் குறை முழுக்கத் தீரவில்லை, பாதி சரியானது என்கிறார். ஓட்டுநரைப் பார்த்தால் இன்னும் லேசாகக் குத்துமாம். ஆனால் ராத்திரி கைப்பேசியை எடுப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் குறைக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. பசார் மாலாமில் விற்கும் 'சக்தி காப்பி'யை வாங்கிக் குடிக்காதீர்கள். சொல்லாமலே மருந்து கலந்த காப்பிகளைச் சுகாதார அமைச்சு பல முறை பிடித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள் அந்த மருந்தைச் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது ஒரு சகோதரி. வயது 35. இவர் வந்து சொன்னதே வேறு மாதிரி. "அண்ணே, நான் பொறாமைக்காரியாப் போயிட்டேன். அவரும் அதான் சொல்றாரு. மனசு அமைதிக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?" புருஷன் மில்லில் வேலை. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அவருக்குச் சிநேகம்.

அதே தாள், அதே கோடு. இந்த முறை பார்த்த பக்கம் நிறைந்தது. மூன்று மாதமாகச் சம்பளத்தில் மாதம் 300 வெள்ளி வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று போகிறார், சம்பளச் சீட்டில் ஞாயிறு ஓவர்டைம் ஒன்றுகூட இல்லை. கேட்டால் ஒரு நாள் கூட்டுப் பணம் கட்டினேன் என்கிறார், இன்னொரு நாள் மோட்டார் சைக்கிள் பழுது என்கிறார். நினைத்த பக்கத்தில் ஒரே வரி: 'அவளோடு தொடர்பு இருக்குமோ?'

முன்னே யார் மேலாவது சந்தேகம் வந்ததா? பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இல்லை. பதில் கேட்டால் மனசு அடங்குகிறதா? நேரான பதிலே கிடைக்கவில்லை, அப்புறம் எப்படி அடங்கும்? "தங்கச்சி, உனக்கு மருந்து வேண்டாம். நீ கேக்கறது நியாயமான கேள்வி" என்றேன்.

என்ன பேசுவது என்று யோசித்தோம். 'அவளோட உனக்கு என்ன?' என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும், ஏனென்றால் அது நினைத்த பக்கம். பார்த்த பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர் குடிக்காத நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, சம்பளச் சீட்டை மேசையில் வைத்து இப்படிக் கேட்டார்: "மூணு மாசமா 300 வெள்ளி குறையுது. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் இல்ல. நீங்க பொய் சொன்னதுதான் எனக்கு வலிக்குது. பணம் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியணும்."

விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் தம்பி ஏதோ கடனில் மாட்டிக்கொள்ள, இவர் பணம் கொடுத்து உதவியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணம் சம்பாதிக்க வெளியே வேலைக்குப் போயிருக்கிறார். கள்ளத்தொடர்பு இல்லை என்று சத்தியம் பண்ணினார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சகோதரியின் கவலை நியாயமாக இருப்பதற்குக் கள்ளத்தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுப் பணம் போனதும் பொய் சொன்னதும் போதும். இனிமேல் சம்பளச் சீட்டு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். அந்தச் சிநேகத்தை விடச் சொல்லவில்லை. மறைத்துச் செய்வதை விடச் சொன்னார்.

ஆக, மூன்று கேள்விகள். பார்த்தது எது, நினைத்தது எது? இந்த ஆளுக்கு முன்பே இந்தப் பயம் இருந்ததா? நேரான பதில் கிடைத்தால் மனசு அடங்குகிறதா? சிலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அப்போது நினைத்ததை நம் பொறுப்பாக வைத்துக்கொண்டு, பார்த்ததை மட்டும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் செல்லாத இடமும் உண்டு. பல வருஷம் குடித்தவர்களில் சிலருக்கு, எந்த விளக்கமும் மண்டையில் ஏறாத சந்தேகம் வரும். துணி மடிப்பிலும் சோப்பு வாசத்திலும்கூடச் சாட்சி தேடுவார்கள். அது உண்மையான மனநோய். அவரோடு வாதாடிப் பயனில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வேலைக்குப் போகாதே என்று தடுப்பது, பின்னால் தொடர்வது, அடிப்பது, கத்தியைக் காட்டுவது, இவை பாசத்தின் அடையாளம் அல்ல. ஆபத்தின் அடையாளம். அடிபட்டவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகலாம், போலீசில் புகார் செய்யலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உயிருக்குப் பயம் என்றால் 999.

இன்று ராத்திரி உங்களுக்குக் குத்தல் வந்தால் கைப்பேசியைத் தேடாதீர்கள். ஒரு தாளைத் தேடுங்கள், நடுவே கோடு போடுங்கள். எந்தப் பக்கம் நிறைகிறது என்று பார்த்துவிட்டு, விடிந்த பிறகு பேசுங்கள்.