இறப்புச் சான்றிதழில் பெயர் பிழையா? இப்படி எழுதுங்கள்

கணவரின் பெயர் சண்முகம்; இறப்புச் சான்றிதழில் சண்முகன். இந்த ஓர் எழுத்தால் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நகராட்சிக்கு மனைவி எழுதும் மனு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஆதரவற்ற விதவையான என் மேல் கருணை கூர்ந்து, பெயரைச் சரிசெய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அலட்சியத்தால் அலைந்து ஓய்ந்துவிட்டேன்.”

கெஞ்சலும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆனால் எந்தப் பதிவு, அதில் என்ன பிழை, எது சரி, அதற்கு என்ன ஆதாரம் என்பது இல்லை. பதிவாளர் தேடுவது அவற்றைத்தான்.

எழுதும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். மருத்துவமனையில் இறந்தவர் என்றால், அங்கிருந்து பதிவாளருக்கு ஓர் அறிக்கைப் படிவம் போயிருக்கும். அதில் பெயர் சரியாக இருந்து பதிவில் மாறியிருந்தால் அது எழுத்துப்பிழை, திருத்துவது எளிது. படிவத்திலேயே விவரம் தவறாக இருந்தால், உண்மை தெரிந்த, நம்பகமான இருவரின் உறுதிமொழி தேவைப்படலாம். இது தெரியாமல் அலுவலகத்தின் மேல் பழி போட்டால், பதில் அந்தப் பழியைப் பற்றியதாகவே இருக்கும்.

இனி திருத்திய கடிதம்:

“ஐயா, என் கணவரின் இறப்புச் சான்றிதழில் (பதிவு எண், தேதி மேலே) பெயர் ‘சண்முகன்’ என உள்ளது. ‘சண்முகம்’ என்பதே சரி. மருத்துவமனைப் படிவத்திலும் ஆதாரிலும் சரியாகவே உள்ளது, நகல்கள் இணைப்பில். இந்தப் பிழையால் ஓய்வூதியம் கிடைக்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் நிற்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15-இன்படி பதிவைத் திருத்தி, சான்றிதழ் வழங்கக் கோருகிறேன். இயலாதெனில் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிய வரி ஒன்றே ஒன்றுதான். தாமதம் யாரைப் பாதிக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரி சேர்த்தால் புலம்பலாகிவிடும். கண்டிப்பு கடைசி வரியில் இருக்கிறது. மறுப்புக்கான காரணம் தாளில் வந்தால் மேலதிகாரியிடம் முறையிடுவது எளிது.

பிரிவு 15-ஐக் குறிப்பிடுவது மிரட்டலுக்காக அல்ல. தவறு என்று உறுதியானால் பதிவைத் திருத்தும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு என்கிறது அது. பழைய பதிவை அழிக்கக் கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு அவரே பொறுப்பு என்பதால்தான் ஆதாரம் கேட்கிறார். அதனால் எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். முன்னெழுத்து ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், அதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.