பக்கவாதத்துக்குப் பின் – 7: இருமல் இல்லாத புரை

“புரையே ஏறலை மேடம். நல்லாத்தான் குடிச்சாரு. ஒரு வாட்டிகூட இருமலை.”

அந்த அம்மா திரும்பத் திரும்ப இதையே சொன்னார். அவருடைய கணவருக்கு வயது 63, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் முகத்தின் இடப்பக்கமும் தளர்ந்துபோயிருந்தன. ‘வாய்வழியாக எதுவும் தர வேண்டாம்’ என்று சொல்லியிருந்தார்கள். உதடு காய்ந்துபோய் அவர் தண்ணீருக்குக் கை நீட்டும்போது எந்த மனைவிக்குத்தான் மனசு கேட்கும்? இரண்டாம் நாள் இரவு அரை டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்துத் தெரிந்தது.

விழுங்கல் சிகிச்சை தருபவளாக நான் நடத்துநரிடம் முதலில் கேட்டது, “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். “ம்ம்... இல்ல” என்றார். நீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் அந்தக் குரலில் ஒரு கொரகொரப்பு. குரல்நாண்களின் மேல் எச்சில் தேங்கி நிற்கிறது. அவருக்கு அது தெரியவில்லை, கனைத்து அகற்றவும் தோன்றவில்லை. அந்த அம்மா நிம்மதியடைந்ததற்குக் காரணமான ‘இருமலை’ என்ற சொல்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஏன் என்று புரிய, ஒரு மிடறு தண்ணீரோடு தொண்டைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு நொடிக்குள்

தொண்டையின் முன்பக்கம், குரல்வளை மேட்டின்மேல் இரண்டு விரல்களை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு விரலுக்கடியில் சட்டென்று மேலே ஏறி, முன்னே சாய்ந்து, மறுபடி இறங்கும். விழுங்குதலின் உயிர்நாடி இந்த அசைவுதான்.

அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் நம் விருப்பத்தில் நடப்பவை. உதடு மூடி, பல் மென்று, நாக்கு உணவைத் திரட்டி உருண்டையாக்கும். பிறகு நாக்கின் நுனி மேலண்ணத்தில் ஊன்றி, உருண்டையைப் பின்னால் தள்ளும். இந்த வாய்க்கட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் நாம் நிறுத்தலாம், துப்பலாம்.

உணவு நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டியதும் தொண்டைக்கட்டம் தொடங்கும். அதன்பின் நிறுத்த முடியாது. மென்னண்ணம் எழுந்து மூக்குப் பாதையை அடைக்கும். மூச்சு நிற்கும். குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேரும். குரல்வளை மேலும் முன்னுமாக எழும்பி, நாக்கின் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். அதே இழுப்பில், மற்ற நேரமெல்லாம் இறுக மூடியிருக்கும் உணவுக்குழாயின் வாசல் திறக்கும். தொண்டைச் சுவர்கள் மேலிருந்து கீழாகப் பிழிந்து உணவை உள்ளே அனுப்பும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதன்பின் உணவுக்குழாய்க் கட்டம்; அங்கே அலையலையான சுருக்கத்தில் உணவு இரைப்பைக்குச் சேர பத்து நொடி போல ஆகும்.

மூச்சுக்கும் சோற்றுக்கும் தொண்டையில் ஒரே பாதை. அந்த ஒரு நொடிக்கு மட்டும் பாதை சோற்றுக்குக் கைமாறுகிறது.

தானாக மூடாத மூடி

குரல்வளை மூடி என்ற பெயரைக் கேட்டதும், உணவு வருவதைப் பார்த்துத் தானே சாத்திக்கொள்ளும் கதவு என்று தோன்றும். உண்மையில் அது நாக்கின் அடியை ஒட்டி நிற்கும் இலை வடிவக் குருத்தெலும்பு. தன்னைத் தானே மடக்கிக்கொள்ளும் வலு அதற்குக் கிடையாது. தாடைக்குக் கீழே லாட வடிவில் இருக்கும் நாவடி எலும்பு குரல்வளையை மேலும் முன்னும் இழுக்கிறது. நாக்கின் அடி பின்னால் தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி மூடி பின்பக்கமாக மடிகிறது. இழுப்பு பலவீனமானால் மூடி பாதியில் நிற்கும்.

புற்றுநோய்க்காக இந்த மூடி அகற்றப்பட்டவர்கள் பலர் பயிற்சியால் மறுபடி பாதுகாப்பாக விழுங்கக் கற்றுக்கொள்கிறார்கள். குரல்நாண்களும், அவற்றின் பின்முனையிலுள்ள சிறு குருத்தெலும்புகள் முன்னால் சாய்வதும் சேர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. ஆகவே மூடி இருக்கிறதா என்பதைவிட, எல்லாமே சரியான கணத்தில் நடக்கிறதா என்பதுதான் முக்கியம்.

மூடிக்கும் நாக்கின் அடிக்கும் நடுவே சிறு பள்ளம் உண்டு. குரல்வளையின் இருபுறமும் இன்னும் ஆழமான பள்ளங்கள் உண்டு. விழுங்குதல் தாமதித்தால் வந்த தண்ணீர் இவற்றில்தான் தேங்கும். வழிந்தால் அடுத்த இடம் மூச்சுக்குழாய்.

ஐந்து நரம்புகள், ஒரு கட்டளை

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்து இந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐந்தாவது மெல்ல வைக்கிறது, வாயின் தொடுவுணர்வைச் சொல்கிறது. ஏழாவது உதட்டையும் கன்னத்தையும் இறுக்குகிறது. 12-ஆவது நாக்கை அசைக்கிறது. ஒன்பதாவது, நாக்கின் பின்பகுதிக்கும் தொண்டைக்கும் உணவு வந்து சேர்ந்ததை உணர்த்துகிறது. பத்தாவதுக்குத்தான் வேலை அதிகம். தொண்டைத் தசைகளையும் குரல்நாண்களையும் இயக்குவதும் அதுதான். குரல்வளை வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அதை மூளைக்குச் சொல்லி இருமலை எழுப்புவதும் அதன் கிளைதான். ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தலையைத் தட்டுகிறோமே, அந்தப் புரை இந்த நரம்பு விழித்திருப்பதன் அடையாளம்.

இந்த நரம்புகள் சொல்லும் செய்திகளெல்லாம் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் சேர்கின்றன. எந்தத் தசை முதலில், எது அடுத்து என்ற வரிசை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. முகுளத்தின் பக்கவாட்டில் பட்டாணி அளவு அடைப்பு வந்தால்கூட, கை கால் வலுவாக இருக்கும் மனிதரால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போவது இதனால்தான்.

நடத்துநருக்குப் பாதிப்பு முகுளத்தில் இல்லை, மேலே, பெருமூளையில். அங்கிருந்து இரண்டு பக்கமும் முகுளத்துக்குத் தூண்டுதல் தருகின்றன. ஆனால் சமமாக அல்ல. மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி குழுவினர் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டி, 1996-இல் இதைக் காட்டினார்கள். விழுங்கலில் ஒருவருக்கு இடப்பக்கம் ஓங்கியிருக்கும், இன்னொருவருக்கு வலப்பக்கம். ஓங்கிய பக்கம் அடிபட்டால் விழுங்கல் தடுமாறும். பின்னர் அடிபடாத பக்கம் தன் பங்கைப் பெருக்கிக்கொள்ளும்போது அது திரும்பி வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் நாட்களில் விழுங்கல் தடுமாறுவதும், பலருக்கு அது சில வாரங்களில் சீராவதும் இதனால்தான்.

திரையில் தெரிந்த மூன்று நொடி

ஐந்தாம் நாள் அவரை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த தண்ணீரை 5 மில்லி கொடுத்து, விழுங்குவதைப் படமெடுத்தோம். திரையில் கறுப்பாகத் தெரிந்த தண்ணீர் நாக்கின் மேல் தங்கவே இல்லை. வழுக்கி இறங்கி, மூடியின் முன்னால் இருந்த பள்ளத்தை நிரப்பி, பக்கப் பள்ளங்களுக்குப் போய் நின்றது. குரல்வளை அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. பள்ளம் நிரம்பி வழிந்து, திறந்தே கிடந்த குரல்நாண்களுக்கிடையே கறுப்புக் கோடாக இறங்கியது. அதன்பிறகுதான் குரல்வளை எழும்பியது. மூடியும் முழுதாக மடிந்தது. எல்லாம் சரியாகவே நடந்தது, மூன்று நொடி பிந்தி. அவர் முகத்தில் சலனமே இல்லை. இருமலும் இல்லை.

பக்கவாதம் அசைவை மட்டும் பறிப்பதில்லை, குரல்வளை வாசலின் உணர்வையும் மங்கச் செய்கிறது. அதனால் காவலாளி தூங்கும்போதே தண்ணீர் உள்ளே போகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பதோ, அமைதியாகத் தண்ணீர் குடிக்கும் ஒரு மனிதரை.

அடுத்து, கெட்டியாக்கிய திரவம். அதே 5 மில்லி மெதுவாக நகர்ந்து முதல் பள்ளத்திலேயே நின்றது. அது வழிவதற்குள் குரல்வளை எழும்பிவிட்டது. கொஞ்சம் மிச்சம் தங்கியது; வெறும் எச்சிலை மறுபடி ஒருமுறை விழுங்கச் சொன்னதும் போய்விட்டது. தண்ணீர் கெட்டது, கஞ்சி நல்லது என்பதல்ல இதன் பொருள். தண்ணீரின் வேகம் அவருடைய தாமதத்தை மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

கஞ்சியில் ஒரு கணக்கு

எவ்வளவு கெட்டி என்பதை வீட்டில் அளக்கலாம். 10 மில்லி சிரிஞ்சில், 0 முதல் 10 வரையிலான அளவுக்கோடு சுமார் 6 செ.மீ. நீளம் இருப்பதாகப் பார்த்து எடுத்து, உள்தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 மில்லி வரை நிரப்புங்கள். விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். தண்ணீர் என்றால் ஒன்றும் மிஞ்சாது. நடத்துநருக்குத் தேவைப்பட்ட பதத்தில் 4 முதல் 8 மில்லி வரை மிஞ்ச வேண்டும். எந்த அளவு யாருக்கு என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இரண்டு விஷயங்கள் புதிதாக இருந்தன. ஒன்று, ரசம் சாதமும் பருக்கை மிதக்கும் கஞ்சியும் பார்க்க மென்மையானாலும் இவருக்கு மிகக் கடினம். வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தனியாகப் பிரிந்து ஓடிவிடும். அதனால் கஞ்சியைக் கடைந்து வடிகட்ட வேண்டும். இன்னொன்று, எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கஞ்சி நீர்த்துப்போகும், ஏனென்றால் எச்சில் மாவுச்சத்தைக் கரைக்கும்.

மூக்குக் குழாயில் உணவு தந்தால் ஆபத்து இல்லை என்றும் நினைக்கக் கூடாது. எச்சில் உள்ளே இறங்குவதைக் குழாய் தடுக்காது. அந்த எச்சிலில் எவ்வளவு கிருமி என்பதுதான் கேள்வி. சூசன் லாங்மோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் ஊட்டினால்தான் உண்ண முடியும், பிறர் துலக்கினால்தான் வாய் சுத்தமாகும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கும், சொத்தைப் பல் மிகுந்தவர்களுக்கும் நிமோனியா அதிகம் வந்தது. அதனால் காலையும் மாலையும் அவருடைய பல்லையும் நாக்கையும் துலக்குவது மருந்துச் சீட்டில் முதல் வரியானது. ஊட்டிய பிறகு அவரைப் பேசவைத்துக் குரலில் கொரகொரப்பு இருக்கிறதா என்று கேட்பதும் அந்த அம்மாவின் வேலையானது.

நான்காவது வாரத்தில் மறுபடி ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார். உடனே முகம் சிவக்க, கண்ணில் நீர் வர இருமினார். அந்த அம்மா பதறிப்போய் அவர் தலையைத் தட்டினார்.

“திரும்பப் புரை ஏறுதே மேடம்!”

தண்ணீருக்கு இன்னும் நாளாகும் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் உள்ளே போனதை நடத்துநரின் தொண்டை இன்று உணர்ந்துவிட்டது என்பதையும் சொன்னேன். அவர் தட்டிய கையை எடுக்காமல் கணவரின் தலையிலேயே வைத்திருந்தார்.

(அடுத்த வாரம்: பேச்சு திரும்பும் பாதை)