ஒரு சீட்டுக்கு இருமுறை கட்டணம்: முறையீட்டுக் கடிதம்

நாடக விழா ஒன்றிற்கு இணையவழியில் நுழைவுச்சீட்டு வாங்கும் மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். சீட்டின் விலை 300 ரூபாய். சேவைக் கட்டணம் 20 ரூபாய். தந்தையின் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக 320 ரூபாய் செலுத்துகிறார். திரை சுழன்றுகொண்டே இருக்கிறது, சீட்டு வரவில்லை. நான்கு நிமிடங்கள் பொறுத்திருந்து மீண்டும் செலுத்துகிறார். இம்முறை சீட்டு வந்துவிடுகிறது. ஆனால், வங்கியிலிருந்து குறுஞ்செய்திகள் இரண்டு வந்திருக்கின்றன.

உடனே கடிதம் எழுத அமர்ந்துவிடுதல் கூடாது. ஒரே பற்றுக்குச் செய்தி இருமுறை வருவதும் உண்டு. வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்தல் வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். அறிக்கையில் இரண்டு பற்றுகளும் வெவ்வேறு எண்களுடன் காணப்பட்டால் மட்டுமே பணம் இருமுறை சென்றதாகக் கொள்ளலாம்.

சென்ற பணம் எங்கே நிற்கிறது என்பது அடுத்த வினா. நம் கணக்கில் பற்று வைக்கப்பட்டும் விற்பவருக்கு உறுதிச்செய்தி சென்று சேராதிருந்தால், அத்தொகை ஐந்து நாள்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அந்நிலையில் நாம் அணுக வேண்டியது வங்கியையே. இரண்டு தொகைகளும் அமைப்பாளரின் கணக்கை அடைந்துவிட்டாலோ, வங்கியைப் பொறுத்தவரை இரண்டும் முறையாக நிறைவேறியவை. அவற்றுள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டியவர் அமைப்பாளர். நம் கடிதம் அவருக்கு உரியது.

இத்தகைய கடிதத்தை எழுதச் சொன்னால், மாணவர் பலர் பின்வருமாறு எழுதுகின்றனர்: “மிகுந்த ஆர்வத்துடன் தங்கள் விழாவிற்குச் சீட்டு வாங்கினேன். என் பணத்தை இருமுறை பிடித்துக்கொண்டீர்கள். இது நியாயமா? உடனே திருப்பித் தராவிடில் வழக்குத் தொடுப்பேன்.” வருத்தம் உண்மைதான். எனினும், இதைப் படிக்கும் கணக்கரின் பட்டியலில் 320 ரூபாய் என்ற தொகை நூற்றுக்கணக்கான வரிகளில் இருக்கும். நம் வரி எதுவென அவர் எவ்வாறு அறிவார்? ஒருவேளை கண்டுபிடித்தாலும், ஒருவர் இருமுறை பணம் செலுத்தியது இரண்டு சீட்டுகள் வாங்குவதற்காகவும் இருக்கலாமே! ஆகவே, இரண்டு செலுத்தங்களுள் எதற்குச் சீட்டு வந்தது, எதற்கு வரவில்லை என்பதைக் காட்டுவதே இக்கடிதத்தின் உயிர்.

அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியவற்றை முறைப்படி எழுதியபின் கடிதம் இவ்வாறு அமையலாம்:

பொருள்: ஒரு நுழைவுச்சீட்டுக்கு இருமுறை பெறப்பட்ட கட்டணத்தில் 320 ரூபாயைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,
வணக்கம். தங்கள் நாடக விழாவின் 18.01.2025 மாலைக் காட்சிக்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்குவதற்காக, 03.01.2025 அன்று இரவு 8.12 மணிக்கு என் தந்தையின் கணக்கிலிருந்து 320 ரூபாய் செலுத்தினேன். அதன் பரிவர்த்தனை எண் 500320145671. சீட்டு வராமையால், 8.16 மணிக்கு மீண்டும் 320 ரூபாய் செலுத்தினேன். அதன் எண் 500320147306. இந்த இரண்டாம் செலுத்தத்திற்கு 4471 என்னும் முன்பதிவு எண்ணுடன் ஒரு சீட்டு கிடைத்தது. முதற்செலுத்தத்திற்குச் சீட்டு வழங்கப்படவில்லை. ஏழு நாள்கள் ஆகியும் தொகை திரும்பவில்லை. எனவே, 8.12 மணிக்குச் செலுத்திய 320 ரூபாயை, அது பெறப்பட்ட அதே கணக்கிற்குப் பத்து நாள்களுக்குள் திருப்பி அனுப்புமாறு வேண்டுகிறேன். முன்பதிவு எண் 4471 உடைய சீட்டு ரத்து செய்யப்படாமல் இருத்தல் வேண்டும். கணக்கு அறிக்கையின் படியும் சீட்டின் படியும் இணைத்துள்ளேன்.
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

கோரிய தொகை 300 அன்று, 320 என்பதைக் காண்க. சேவைக் கட்டணமும் இருமுறை சென்றுள்ளது. சீட்டு ரத்தாகக் கூடாது என்னும் வரி மிகையாகத் தோன்றலாம். அவ்வரி இல்லையெனில், பணத்தைத் திருப்பும் அவசரத்தில் சீட்டுள்ள பதிவையே நீக்கிவிடக்கூடும். விழா நாளன்று வாயிலில்தான் அது தெரியவரும்.

கணக்கு அறிக்கையின் படியை இணைக்கும்போது, இவ்விரு வரிகளைத் தவிர மற்றவற்றை மறைத்துவிடலாம். பிறருடைய வரவு செலவு அமைப்பாளருக்குத் தேவையில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி எவரேனும் யுபிஐ ரகசிய எண்ணை இடச் சொன்னால், இட வேண்டாம். அந்த எண் பணம் அனுப்புவதற்கே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை.

குறித்த நாளுக்குள் மறுமொழி வராவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதன் பின்னும் தீராவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கும் முதலில் கேட்கப்படுபவற்றுள் ஒன்று இக்கடிதத்தின் படி. ஆதலால், அனுப்பிய நாள் தெரியுமாறு ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்க.