அந்துருண்டை எரிந்தது, 2.6 சதவீதம் எங்கே போனது?

கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் பாம் கலோரிமீட்டர் சோதனை முடிந்ததும் எழுதப்படும் அறிக்கைகளில், முடிவுகளை அலசும் பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “வெப்பம் வெளியே கசிந்திருக்கலாம், வெப்பமானியைப் படித்ததில் பிழை இருக்கலாம்.” எந்தச் சோதனைக்கும் பொருந்தும் வரி அது. இந்தச் சோதனையில் என்ன நடந்தது என்று அது சொல்வதே இல்லை.

கருவி எளிமையானது. தடித்த எஃகுக் கலன் ஒன்றுக்குள் சிறு கிண்ணத்தில் பொருளை வில்லையாக வைத்து, 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜன் நிரப்பி, அதை இரண்டு லிட்டர் நீரில் மூழ்க வைக்கிறார்கள். மெல்லிய கம்பி வழியே மின்சாரம் பாய்ந்ததும் வில்லை எரிகிறது, நீர் சூடாகிறது. நீரும் கலனும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற எவ்வளவு வெப்பம் தேவை என்பதை முன்கூட்டியே பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கண்டறிந்துவிடுவார்கள். ஒரு கிராம் பென்சாயிக் அமிலம் 26,434 ஜூல் தரும் என்பது உறுதியாகத் தெரிந்த அளவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பென்சாயிக் அமிலச் சோதனையிலிருந்து ஒரு டிகிரிக்கு 10,134 ஜூல் என்று கிடைத்திருக்கிறது. அடுத்து 0.600 கிராம் நாப்தலீன், அதாவது அந்துருண்டைப் பொருள், எரிக்கப்படுகிறது. வெப்பநிலை 2.33 டிகிரி ஏறுகிறது. பெருக்கினால் 23,612 ஜூல். இதில் கம்பி எரிந்ததற்கு 77 ஜூலும், கலனில் இருந்த காற்றின் நைட்ரஜன் நைட்ரிக் அமிலமானதற்கு 40 ஜூலும் கழிய வேண்டும். மீதியை எடையால் வகுத்தால் கிராமுக்கு 39.16 கிலோ ஜூல். இருக்க வேண்டிய மதிப்பு 40.19. வித்தியாசத்தை 40.19-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், 2.6 சதவீதம் குறைவு.

“குறைவு” என்பதைக் கவனியுங்கள். துப்பு அதில்தான் இருக்கிறது. கம்பியின் வெப்பத்தைக் கழிக்க மறந்திருந்தால் விடை கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது. ஆகவே அந்தக் காரணத்தை இங்கே எழுத இடமே இல்லை. தராசில் ஒரு மில்லிகிராம் தவறினால் 0.17 சதவீதம்தான் மாறும். வெப்பமானியில் 0.01 டிகிரி தவறாகப் படித்தால் 0.4 சதவீதம். சரியான விடை வர ஏற்றம் 2.39 டிகிரியாக இருந்திருக்க வேண்டும், 0.06 டிகிரி தவறிப் படிப்பது அத்தனை எளிதல்ல. வெப்பக் கசிவு? பற்றவைப்பதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போட்டுத் திருத்துவது வழக்கம். அதே திருத்தம் பென்சாயிக் அமிலச் சோதனையிலும் செய்யப்பட்டிருந்தால், மிச்சமிருக்கும் கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து பெருமளவு அடிபட்டுப்போகும்.

அப்படியானால் முழுதாக எரியவில்லையா? இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். நமக்குக் குறைவது சுமார் 620 ஜூல். ஒரு கிராம் கரி எரிந்தால் 32,800 ஜூல் வரும். எனவே 19 மில்லிகிராம் கரி எரியாமல் தங்கியிருந்தால் கணக்கு நேராகிவிடும். அவ்வளவு கரி கண்ணுக்குத் தப்பாது: கிண்ணமும் மூடியின் உள்பக்கமும் கறுத்திருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். கலன் பளிச்சென்று இருந்தால் இந்தக் காரணத்தையும் விட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது சந்தேகம் வில்லையின் மீது திரும்பும். வில்லையைத் தளர்வாக அழுத்தியிருந்தால், எடை போட்ட பிறகு கலனில் வைக்கும்போது ஓரம் உதிரும். 15 மில்லிகிராம் துணுக்கு ஒன்று மேசையில் விழுந்தாலே 2.5 சதவீதம் போய்விடும். தளர்ந்த வில்லை பற்றிக்கொள்ளும்போது சிதறவும் செய்யும். குளிர்ந்த சுவரில் போய் ஒட்டிய துகள்கள் எரியாமல் நின்றுவிடும். நாப்தலீன் அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும் பொருள் என்பதால், எடை போட்டபின் நெடுநேரம் திறந்து வைப்பதும் நல்லதல்ல.

ஒரே ஒரு சோதனையை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினம். மூன்று முறை எரித்து, மூன்றும் ஏறத்தாழ 2.6 சதவீதமே குறைந்தால் துணுக்கு உதிர்ந்ததாகச் சொல்ல முடியாது. உதிர்வது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நடக்காது. அளவுத்திருத்தத்தில்தான், அதாவது 10,134 என்ற அந்த எண்ணில்தான், கோளாறு இருக்கிறது என்று தேட வேண்டும். மூன்றும் மூன்று விதமாக வந்தால் வில்லையையும் எரிதலையும் சந்தேகிக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழுத்தத்தை மெல்ல வெளியேற்றிக் கலனைத் திறந்ததும் அவசரமாகக் கழுவிவிடாதீர்கள். கிண்ணத்தில் கரி இருந்ததா, மிச்சக் கம்பி எத்தனை சென்டிமீட்டர், வில்லை உடைந்திருந்ததா என்பதை அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், அது விடையைக் கூட்டுமா குறைக்குமா, எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள்.