ஒரே கல்யாணம், நான்கு அழைப்புகள்

கல்யாணச் செய்தி ஒன்றுதான். ஆனால் பத்திரிகை, வாட்ஸ்அப், தொலைபேசி, பேனர் என்று அது போகும் வழிக்கேற்ப நீளமும் வடிவமும் மாற வேண்டும். படிப்பவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், மறுபடி எடுத்துப் பார்க்க முடியுமா என்ற இரண்டும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. மதுரையில் சனிக்கிழமை மாலை வரவேற்பும் ஞாயிறு காலை 6.00 முதல் 7.30-க்குள் முகூர்த்தமும் உள்ள ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம்.

பத்திரிகை கல்யாணம் முடியும்வரை வீட்டில் இருக்கும். அதனால் திதி, நட்சத்திரம், லக்னம், தாத்தா பாட்டி பெயர்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஒரு பத்தி முழுக்க நீளும் வாக்கியம் அங்கே அழகுதான். ஆனால் ஆங்கிலத் தேதியும் மணியும் அந்த வாக்கியத்துக்குள் புதைந்துவிடக் கூடாது. தனி வரியில், பெரிய எழுத்தில் வர வேண்டும். வரவேற்புக்கு ‘முதல் நாள் மாலை’ என்று மட்டும் போட்டால், ஞாயிறு மாலை வந்து காலி மண்டபத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. கிழமையையும் தேதியையும் மறுபடி அச்சிடுவதே சரி.

வாட்ஸ்அப்பில் பத்திரிகையின் படத்தை மட்டும் அனுப்புவது போதாது. படத்திலுள்ள மண்டபப் பெயரைத் தொட்டு நகலெடுப்பது பலருக்குக் கைவராது; பத்து நாள் கழித்துத் தேடினாலும் எளிதில் அகப்படாது. படத்துக்குக் கீழே நாள், நேரம், மண்டபம், வரைபட இணைப்பு ஆகியவற்றை நான்கு வரியில் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

தொலைபேசியில் எண்கள் காதில் நிற்பதில்லை. ‘பதினேழு’ என்பது ‘இருபத்தேழு’ என்று கேட்கும். அதனால் கிழமையை முதலில் சொல்வது நல்லது: “மாமா, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, காலையில முகூர்த்தம். நீங்களும் அத்தையும் சனிக்கிழமையே வந்துடணும்.” இதற்கு மேல் விவரம் வேண்டாம், மண்டப முகவரி வாட்ஸ்அப்பில் பின்னால் வரட்டும். அழைப்பவரின் குரல்தான் இங்கே மரியாதை. மாமா “அப்ப சனிக்கிழமை சாயந்திரமே வந்துடறோம்” என்று திருப்பிச் சொன்னால் நாள் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

பேனரில்தான் பிழை அதிகம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 11 மீட்டர் கடக்கும். 100 அடி தூரத்தில் கண்ணில் படும் பேனரைப் படிக்க மூன்று நொடிகூட இருக்காது. சிரமமில்லாமல் படிக்க 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகைக்காரர்களின் கணக்கு. 100 அடிக்கு 10 அங்குல எழுத்து வேண்டும். பத்தடி அகல ஃபிளெக்ஸில் அந்த அளவுக்கு மணமக்கள் பெயர், மண்டபம், அம்புக்குறி மட்டுமே அடங்கும். வாழ்த்துவோர் பட்டியலும் முப்பது முகங்களும் சேர்ந்தால் அம்புக்குறிதான் முதலில் சுருங்கும்.

அச்சுக்கு முன் இதைச் சோதிக்கலாம். வடிவமைப்பாளர் அனுப்பும் மாதிரியைச் செல்பேசியை நேராகப் பிடித்து, கையை நீட்டிப் பார்த்தால், 100 அடி தூரத்திலுள்ள பத்தடி பேனர் ஏறக்குறைய அதே அளவில்தான் தெரியும். மூன்று நொடியில் படிக்க முடியாத வரியை நீக்கிவிடலாம்.