கடல் கடந்த கணக்குகள் – 14: ஒரே பான் எண்ணில் மூன்று ஜோடி

திருச்சியிலிருந்து வரும் உறவினருக்கு ஈப்போ என்றால் கல்லுமலை முருகன், பத்து காஜாவில் கெல்லி மாளிகை, பிறகு சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா பால் மரம் சீவிய தோட்டம். இப்போது அங்கே பெரும்பாலும் செம்பனைதான். இப்படி வருகிறவர்கள் இந்தியாவில் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், முகவர் விலைக்கு மேல் மூல வரியும் வசூலிப்பார். டிசிஎஸ் என்பார்கள். டிக்கெட் மட்டும் வாங்கினால் இது கிடையாது. நம் ஊரில் இப்படியொரு பிடித்தம் இல்லாததால், இங்குள்ள உறவினருக்கு இது புரிவதில்லை.

2025 பிப்ரவரியில் மூன்று ஜோடிகள் சேர்ந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 1,80,000 ரூபாய். அன்றைய விகிதம் 5 விழுக்காடு என்பதால் வரி 9,000. இது செலவு அல்ல, முன்கூட்டியே கட்டிய வருமான வரி. வரி வராதவர் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் ஜூலையில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், இரண்டு ஜோடிகளின் பக்கம் வெறுமை.

பணம் எங்கே? முகவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27இக்யூ என்ற அறிக்கை தருகிறார். ஜனவரி–மார்ச் கணக்குக்கு மே 15 கெடு. ஆகவே ஏப்ரலில் காணோமென்று பதற வேண்டாம், ஜூலையில் காணோமென்றால் கேட்கலாம். இந்தக் கதையில் குழுவுக்கு முன்னின்ற மைத்துனரின் பான் எண்ணையே மூவருக்கும் போட்டுவிட்டார்கள். அவர் பக்கத்தில் 27,000 நிற்கிறது. பதிவு இருந்தும் அருகே U என்றிருந்தால் கதை வேறு: அறிக்கை போயிருக்கிறது, ஆனால் கட்டிய பணத்தோடு அது பொருந்தவில்லை.

"மாமா, நானே எடுத்து உங்களுக்குப் பிரித்துத் தந்துவிடுகிறேன்" என்று மைத்துனர் சொல்வார். வேண்டாம். பிறர் வரியை அவர் தன் கணக்கில் காட்டிவிட்டால், முகவர் பின்னால் திருத்தும்போது அவருக்கே வரிபாக்கி நோட்டீஸ் வரலாம். பணம் கட்டிய ரசீதையும் பான் நகலையும் வைத்து, திருத்த அறிக்கை தரும்படி முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். 27டி சான்றிதழும் வாங்குங்கள். அதில் யார் பான் எண் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முகவர் இழுத்தடித்தாலும் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவைத் தவறவிடாதீர்கள். டிசிஎஸ் அட்டவணையில் 9,000-ஐக் காட்டித் தாக்கல் செய்யுங்கள். பெங்களூரு மையம் 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டு அதை மறுக்கும். திருத்தம் ஏறியபின் தளத்தில் Tax credit mismatch correction என்பதைத் தேர்ந்தால் மறுபடி கணக்கிடுவார்கள். மறுப்பு ஆணை வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுவரை இதற்கு இடமுண்டு.

சிக்கல், முகவர் பணத்தைக் கட்டாமலே கடையை மூடினால்தான். சம்பளத்தில் பிடித்த வரியை முதலாளி கட்டாவிட்டாலும், அதே வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. டிசிஎஸ்ஸுக்கு அப்படி நேரடிப் பிரிவு இல்லை. அரசுக்குச் செலுத்தப்பட்ட தொகைக்குத்தான் வரவு. அதனால் முன்பணம் கட்டும் நாளிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் தனி பில் கேட்டு வாங்குவது நல்லது.